52 ரூபாய்க்குச் செய்வதா, 45 ரூபாய்க்கு வாங்குவதா?

கேள்வி: பம்புக்கான ஷாஃப்டை எங்கள் சிறு தொழிற்சாலையிலேயே கடைகிறோம். ஒன்றின் அடக்கவிலை 52 ரூபாய். வெளியே 45 ரூபாய்க்குத் தருகிறார்கள். வாங்கிவிடலாம் என்கிறார் கணக்காளர். 12 லட்சம் கொடுத்து வாங்கிய லேத்துக்கு இன்னும் தவணை கட்டுகிறோம், போன மாதம்கூட 90,000 ரூபாய்க்குப் பழுது பார்த்தோம், அதை எப்படி விடுவது என்கிறார் பங்குதாரர். யார் சொல்வது சரி? அடக்கவிலைத் தாளை இணைத்திருக்கிறேன்.

பதில்:

இருவர் சொல்வதும் சரியில்லை. இருவரையும் தவறவைப்பது ஒரே பணம் என்பதுதான் வேடிக்கை. லேத்துக்குக் கொடுத்த அந்த 12 லட்சம், கணக்காளரின் தாளில் தேய்மானம் என்ற பெயரில் ஷாஃப்ட் ஒன்றுக்கு 6.25 ரூபாயாக ஏறி, சொந்தத் தயாரிப்பை விலை கூடியதாகக் காட்டுகிறது. பங்குதாரரின் மனத்தில் அதே 12 லட்சம் போட்ட முதல் என்ற பெயரில் நின்று, வெளியே வாங்க விடாமல் தடுக்கிறது. உண்மையில் அது எப்போதோ கைவிட்டுப் போன பணம். நீங்கள் ஷாஃப்டைக் கடைந்தாலும் வாங்கினாலும் அதில் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது; மூழ்கிய செலவு என்பது இதைத்தான்.

முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். உங்கள் எண்களின்படி, இப்போதைக்கு நீங்களே கடைவது நல்ல வித்தியாசத்தில் லாபம். ஆனால் அது பங்குதாரர் சொல்லும் காரணத்தால் அல்ல. அதோடு, லேத்தை மாற்றவேண்டிய நாள் வரும்போது இந்தப் பதில் அப்படியே நிற்கும் என்று எண்ணவும் வேண்டாம்.

உங்கள் தாளில் இருப்பது இது. ஆண்டுக்கு 24,000 ஷாஃப்ட். ஒன்றுக்கு எஃகுக் கம்பி 17 ரூபாய், இரு தொழிலாளர்களின் சம்பளம் 12, மின்சாரம் 3, வெட்டுமுனைகளும் எண்ணெயும் 3, தேய்மானம் 6.25, வாடகை, மேற்பார்வை, அலுவலகம் ஆகிய பொதுச் செலவுகளின் பங்கு 10.75. ஆக 52. இதை 45-உடன் ஒப்பிட்டு, ஒன்றுக்கு 7 ரூபாய், ஆண்டுக்கு 1,68,000 ரூபாய் மிச்சம் என்கிறார் கணக்காளர். கூட்டலில் பிழை இல்லை. ஆனால் அந்தத் தாள் வேறு வேலைக்காகப் போடப்பட்டது. இருப்பு மதிப்பிடவும், ஆண்டுக் கணக்கை முடிக்கவும், செலவு எல்லாவற்றையும் ஏதாவது ஒரு பொருளின் தலையில் ஏற்றியாக வேண்டும். எந்தச் செலவு நின்றுபோகும், எது நிற்காது என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை.

முடிவெடுக்கும்போது ஒவ்வொரு வரியிலும் கேட்கவேண்டியது ஒன்றுதான்: நாளை முதல் ஷாஃப்டை வெளியே வாங்கினால், இந்தப் பணம் நம் கையைவிட்டுப் போவது நிற்குமா? நிற்கும் என்றால் அது இந்த முடிவோடு தொடர்புடைய செலவு. நிற்காது என்றால், எவ்வளவு பெரிய தொகையானாலும் இந்தக் கணக்கில் அதற்கு வேலை இல்லை.

எஃகுக் கம்பி நிற்கும். ஆண்டுக்கு 4,08,000 ரூபாய். இங்கே ஒரு சிறு வருமானம் ஒளிந்திருக்கிறது. கடையும்போது விழும் எஃகுச் சீவலை எடைக்குப் போடுகிறீர்கள். அதில் ஆண்டுக்கு வரும் 24,000 ரூபாய் ‘பிற வருமானம்’ என்ற தலைப்பில் தனியே பதிவாகியிருக்கிறது, ஷாஃப்டின் தாளுக்கு வரவில்லை. கடைவதை நிறுத்தினால் சீவலும் நிற்கும். ஆகவே கம்பியில் உண்மையில் மிச்சமாவது 3,84,000. வெட்டுமுனையும் எண்ணெயும் முழுதாக நிற்கும், 72,000. மின்சாரத்தில் 72,000 காட்டியிருக்கிறீர்கள்; அதில் ஏறத்தாழ 12,000 இணைப்புத் திறனுக்கான நிலைக் கட்டணம். இணைப்பின் திறனைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுக்காதவரை அது வந்துகொண்டேதான் இருக்கும். எனவே 60,000.

சம்பளத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘நேரடிக் கூலி’ என்ற தலைப்பைப் பார்த்ததும், அது உற்பத்தியோடு ஏறி இறங்கும் செலவு என்று எடுத்துக்கொள்வது பாடநூல் பழக்கம். ஒரு ஷாஃப்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கும் இடத்தில் அது சரி. உங்களிடம் இருவர் மாதச் சம்பளத்தில் இருக்கிறார்கள்; யாரையும் அனுப்பும் எண்ணம் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒருவருக்குப் பொருத்தும் பிரிவில் காலியிடம் இருக்கிறது. அவர் அங்கே போனால் புதிதாக ஓர் ஆளை எடுக்கவேண்டியதில்லை. அதனால் அவருடைய ஆண்டுச் சம்பளமான 1,44,000 உண்மையான மிச்சம். இன்னொருவர் வேறு வேலை கிடைக்கும்வரை சும்மா நிற்பார், சம்பளமும் போய்க்கொண்டிருக்கும். அவருடைய 1,44,000 தொடர்பில்லாத செலவு.

பொதுச் செலவின் பங்கு 2,58,000. ஷாஃப்ட் போனால் கட்டட உரிமையாளர் வாடகையைக் குறைக்கப்போவதில்லை, மேற்பார்வையாளரும் வீட்டுக்குப் போகப்போவதில்லை. மிச்சம் பூஜ்யம். இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஷாஃப்டை வெளியே கொடுத்ததும் இந்த 2,58,000 மறைந்துவிடாது. அடுத்த ஆண்டுத் தாளில் மற்ற உதிரிபாகங்களின் மேல் ஏறிக்கொள்ளும். அப்போது நேற்றுவரை மலிவாகத் தெரிந்த இன்னொரு பாகம் திடீரென்று விலை கூடியதாகத் தெரியும். அதையும் வெளியே வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். ஒவ்வொரு பாகமாக வெளியேறும், பொதுச் செலவோ அப்படியே இருக்கும். எந்த மூலப்பொருளும் விலை ஏறாமல் மீதிப் பாகங்களின் அடக்கவிலை மட்டும் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் இந்தச் சுழலில் கால் வைத்துவிட்டீர்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

இப்போது கூட்டுவோம். கம்பி 3,84,000, ஒருவர் சம்பளம் 1,44,000, மின்சாரம் 60,000, வெட்டுமுனை 72,000. ஆக, கடைவதை நிறுத்தினால் நின்றுபோகும் செலவு 6,60,000 ரூபாய், ஒரு ஷாஃப்டுக்கு 27 ரூபாய் 50 காசு. வாங்கினால் 45 ரூபாய் விலையோடு, கொண்டுவந்து சேர்க்க ஒரு ரூபாய் ஆகிறது; ஆண்டுக்கு 11,04,000. தாளில் 1,68,000 ரூபாய் மிச்சம் போலத் தெரிந்தது, உண்மையில் 4,44,000 ரூபாய் கூடுதல் செலவு.

ஆனால் கணக்கு இங்கே முடியவில்லை. இங்கே நிறுத்திவிட்டால் பங்குதாரர் வென்றதாகக் கொண்டாடுவார். லேத்துக்குக் கொடுத்த விலை மூழ்கிய செலவுதான், லேத் அப்படியல்ல. அதை இன்று விற்றால் 3,50,000 கிடைக்கும் என்கிறீர்கள். விற்காமல் வைத்துக்கொள்வது என்றால், இன்று கைக்கு வரக்கூடிய அந்த 3,50,000 ரூபாயை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று பொருள். நான்கு ஆண்டு ஓட்டிவிட்டு விற்றால் 70,000 தேறும் என்று வைத்துக்கொண்டால், சரிவு 2,80,000, ஆண்டுக்கு 70,000. அந்தப் பணம் லேத்தில் முடங்கிக் கிடப்பதற்கு 12 சதவீத வட்டி போட்டால், நான்கு ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்குச் சுமார் 25,000. மொத்தம் 95,000. இயந்திரத்தை வைத்திருப்பதற்கான உண்மையான செலவு இதுதான். ஏட்டில் எழுதும் 1,50,000 தேய்மானத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. அது நான்கு ஆண்டுக்கு முன் கொடுத்த விலையிலிருந்து பிறந்தது, இது இன்றைய சந்தை விலையிலிருந்து.

ஏட்டு மதிப்பு 6 லட்சம், 3.5 லட்சத்துக்கு விற்றால் இரண்டரை லட்சம் நட்டம் என்ற பேச்சும் இதனால்தான் பொருளற்றது. அந்த நட்டம் விற்கும் நாளில் உண்டாவதில்லை. ஏற்கெனவே உண்டாகிவிட்டது, விற்கும்போது எழுதப்படுகிறது, அவ்வளவுதான். அப்படி எழுதுவதால் வரி குறையுமானால் அந்தக் குறையும் வரி மட்டும் உண்மையான பணம். அதை உங்கள் வரி ஆலோசகரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4,44,000-இலிருந்து 95,000 கழித்தால், கடைவதன் பக்கம் ஆண்டுக்கு 3,49,000 ரூபாய் மிச்சம். சும்மா நிற்கப்போகும் அந்த இரண்டாவது தொழிலாளிக்கும் உடனே வேறு வேலை கிடைத்துவிடும் என்று தாராளமாக எடுத்துக்கொண்டாலும் 2,05,000 மிஞ்சுகிறது. விற்பவரிடம் பேரம் பேசப்போகிறீர்கள் என்றால் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டிய விலை 52 அல்ல. அவர் 30 ரூபாய் 50 காசு அளவுக்கு இறங்கினால்தான் வாங்குவது சமமாகும். இரு தொழிலாளர்களுக்கும் வேறு வேலை இருந்தால் 36 ரூபாய் 50 காசு.

பங்குதாரர் சொல்லும் தவணை பற்றித் தனியே சொல்லவேண்டும், ஏனென்றால் அது மூழ்கிய செலவு போலவே தோன்றாது. தவணை இனிமேல் கட்டப்போகிற பணம். மாதாமாதம் வங்கியிலிருந்து போகிறது. ஆயினும் கடைந்தாலும் கட்டவேண்டும், வாங்கினாலும் கட்டவேண்டும். லேத்தை விற்றுக் கடனை அடைத்தாலும் அடைப்பது அதே கடன்தான். வருங்காலத்தில் போகும் பணம் என்பது மட்டும் போதாது, இரண்டு வழிகளுக்கும் இடையே வேறுபடவும் வேண்டும். முன்கூட்டியே கடனை அடைத்தால் வங்கி அபராதம் கேட்குமா, கேட்டால் எவ்வளவு என்பது மட்டும் இந்தக் கணக்கில் நுழையும். ரத்து செய்ய முடியாதபடி கொடுத்துவிட்ட ஆர்டரும் இதே வகை. பணம் இன்னும் போகவில்லை, ஆனால் போவது உறுதி.

போன மாதம் ஸ்பிண்டிலுக்குக் கொடுத்த 90,000-மும் மூழ்கியதே. அந்தப் பழுதுபார்ப்பால் லேத்தின் விற்பனை விலை கூடியிருந்தால், அந்த அளவு மேலே சொன்ன 3,50,000-க்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. மற்றபடி அதைப் பேசிப் பயனில்லை. அடுத்த பழுது அப்படியல்ல. இன்னும் 1,80,000 ரூபாய்க்குப் பெரிய வேலை ஒன்று வரும் என்று மெக்கானிக் சொல்கிறார் என்றால், அது நான்கு ஆண்டுக்குப் பரவினால் ஆண்டுக்கு 45,000. அதைக் கழித்தாலும் 3,04,000 மிஞ்சுவதால் செய்யலாம். ‘போன தடவை இவ்வளவு செலவழித்தோமே’ என்ற ஒரே காரணத்துக்காக அடுத்த பழுதுக்குப் பணம் கொடுக்கும் தொழிற்சாலைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த ‘இவ்வளவு’ பெரிதாகிக்கொண்டே போகும், லேத்தின் விலை குறைந்துகொண்டே போகும்.

கிடங்கில் இருக்கும் கம்பியையும் கவனியுங்கள். 6,000 ஷாஃப்டுக்குப் போதுமான கம்பி இருக்கிறது, வாங்கிய விலை 1,02,000. அந்த விட்டமுள்ள கம்பி உங்களிடம் வேறெதற்கும் பயன்படாது என்றும், விற்றவர் 60,000 ரூபாய்க்குத்தான் திரும்ப எடுப்பார் என்றும் வைத்துக்கொண்டால், வாங்குவதா கடைவதா என்ற முடிவில் முதல் 6,000 ஷாஃப்டுக்கான கம்பியின் செலவு ஒன்றுக்கு 17 ரூபாய் அல்ல, 10 ரூபாய். மீதி 7 ரூபாய் மூழ்கிவிட்டது. எனவே என்றைக்காவது வெளியே வாங்க முடிவெடுத்தாலும், இருக்கும் கம்பியைக் கடைந்து முடித்துவிட்டு மாறுவதே நல்லது. மாறாக, அதே கம்பியை வேறொரு பாகத்துக்கும் தொடர்ந்து பயன்படுத்துபவராக இருந்தால், கணக்கில் வரவேண்டியது பழைய விலையும் அல்ல, திரும்ப எடுக்கும் விலையும் அல்ல. அடுத்த தடவை வாங்கவேண்டிய இன்றைய விலை. ஏனென்றால் இன்று எடுத்த ஒவ்வொரு கம்பிக்கும் பதிலாக இன்னொன்றை வாங்கியாகவேண்டும்.

இவ்வளவும் லேத்துக்கு வேறு வேலை இல்லை என்ற நிலையில். வெளியாருக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் வாய்ப்பு வந்தால் கணக்கு மாறும். ஒரு ஷாஃப்டுக்கு 5 நிமிடம் என்றால் 24,000-க்கு 2,000 மணி நேரம். ஒரு ஷிஃப்டின் ஆண்டு நேரத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடுகிறது. ஷாஃப்டை வெளியே வாங்கிவிட்டு அந்த மணிகளை ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கலாமா? அப்போது லேத்தும் போகாது, இரு தொழிலாளர்களும் அதன் முன்னே இருப்பார்கள். எனவே நிற்பவை கம்பி, மின்சாரம், வெட்டுமுனை மட்டும்: 5,16,000. ஷாஃப்டை வாங்க 11,04,000. கூடுதலாகப் போகும் 5,88,000 ரூபாயை 2,000 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 294 ரூபாய். ஜாப் ஒர்க்கில், அந்த வேலைக்கான மின்சாரமும் வெட்டுமுனையும் போக மணிக்கு 294 ரூபாய்க்குமேல் மிஞ்சினால் ஷாஃப்டை வெளியே கொடுங்கள். 2,000 மணியும் நிரம்பவேண்டும் என்பது நிபந்தனை. பாதிதான் நிரம்பும் என்றால் மணிக்கு 588 ரூபாய் மிஞ்சவேண்டும். வருகிற ஜாப் ஒர்க்கின் அளவுக்கு மட்டும் ஷாஃப்டை வெளியே வாங்கி, மீதியை நீங்களே கடைவதும் ஒரு வழிதான். எல்லாமே அல்லது எதுவுமே இல்லை என்று முடிவெடுக்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

தரம், சப்ளை தாமதம், விற்பவர் பின்னால் விலையை ஏற்றுவது ஆகியவற்றை நீங்களே நன்றாக அறிவீர்கள். ஒன்று மட்டும்: லேத்தை விற்ற பிறகு திரும்பிவர நினைத்தால், புது லேத்தின் முழு விலையோடுதான் வரவேண்டும். 45 ரூபாய் எத்தனை மாதத்துக்கு நிலைக்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக, நான்கு ஆண்டுக்குப் பிறகு. இந்த லேத் ஓய்ந்துவிட்டது, புதிதாக 15 லட்சத்துக்கு ஒன்று வாங்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 15 லட்சம் இன்னும் கொடுக்காத பணம், ஆகவே அதன் ஒவ்வொரு ரூபாயும் தொடர்புடையது. எட்டு ஆண்டு ஓடி 3 லட்சத்துக்கு விற்கும் என்றால், ஆண்டுக்கு 1,50,000 சரிவு. சராசரியாக முடங்கும் 9 லட்சத்துக்கு வட்டி 1,08,000. மொத்தம் 2,58,000. (பொதுச் செலவுப் பங்கின் எண்ணும் இதுவாக அமைந்தது தற்செயல், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இன்று நிற்காத சில செலவுகள் அதற்குள் நிற்கக்கூடியவை ஆகியிருக்கும். இரண்டாவது தொழிலாளிக்கு வேறு வேலை வந்திருக்கும், மின் இணைப்பின் திறனைக் குறைத்துக்கொள்ளலாம். இன்றைய விலைகளே நீடித்தால், வாங்குவதைவிடக் கடைவதில் மிச்சம் 4,44,000 அல்ல, 2,88,000. அதில் புது லேத்தின் 2,58,000 போக மிஞ்சுவது வெறும் 30,000, ஷாஃப்டுக்கு 1 ரூபாய் 25 காசு. விற்பவர் இரண்டு ரூபாய் குறைத்தால், அல்லது லேத் நிற்கும் இடத்தை வாடகைக்குத் திருப்பிக் கொடுக்க முடிந்தால், முடிவு மறுபக்கம் சாய்ந்துவிடும்.

ஆகவே இப்போது கடைந்துகொண்டிருங்கள். புது லேத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன் இதே தாளை அன்றைய விலைகளோடு மறுபடி போடுங்கள்; கொடுத்த பிறகு போட்டால் கடைவதே லாபம் என்றுதான் வரும்.